வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஊழியர்கள் பேசும் வரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பெனிகளின் வேலைவாய்ப்புப் பக்கங்களுக்கு எழுதிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. அந்தப் பக்கத்தில் ஊழியர் படத்துக்குக் கீழே மேற்கோள் குறிக்குள் இரண்டு வரி இருக்குமே, அதைப் பற்றித்தான் எச்.ஆர். ஆட்கள் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். உதாரணங்களில் பெரும்பாலானவை கோவைப் பக்கத்துப் பம்ப் தொழிற்சாலை ஒன்றில் செய்த வேலையிலிருந்து வந்தவை. ஆட்களின் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஆறு பேருடைய வரிகள் இருக்கின்றன. ஆறும் ஒரே ஆள் எழுதியதுபோல் இருக்கிறது என்கிறார்கள். எங்கே தப்பு?

ஒரே ஆள் எழுதியதுதான் காரணம். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். எச்.ஆரிலிருந்து ஒரு மெயில் போகும்: "நம் நிறுவனத்தைப் பற்றி இரண்டு வரி, வெள்ளிக்கிழமைக்குள்." வாங்கியவருக்கு என்ன எழுதுவதென்று தெரியாது. போன வருஷம் மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து அதே மாதிரி ஒன்று எழுதி அனுப்புவார். சிலர் "நீங்களே ஏதாவது போட்டுக்கோங்க மேடம்" என்று விட்டுவிடுவார்கள். அப்புறம் மார்க்கெட்டிங்கில் இருப்பவர் ஆறையும் மெருகேற்றுவார். அதோடு ஆறும் ஒரே குரலாகிவிடும்.

அந்தத் தொழிற்சாலையின் பக்கத்தில் இருந்த மூன்று வரிகள் இவை:

"இங்கே நான் வெறும் ஊழியர் அல்ல, ஒரு குடும்பத்தின் அங்கம்."

"ஒவ்வொரு நாளும் புதிய சவால், ஒவ்வொரு நாளும் புதிய கற்றல்."

"இந்த நிறுவனம் என் கனவுகளுக்குச் சிறகுகள் தந்தது."

வரி செத்துவிட்டதா என்று பார்க்க நான் இரண்டு சோதனை வைத்திருக்கிறேன். ஒன்று, அதே வரியை எதிர்க் கம்பெனியின் பக்கத்தில் ஒட்டிப் பார்ப்பது. ஒட்டினால் அங்கேயும் பொருந்துகிறதென்றால் அந்த வரி உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இன்னொன்று, வரியைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது. "இங்கே ஒவ்வொரு நாளும் பழைய சவால், புதிதாக எதுவும் கற்க முடியாது" என்று உலகத்தில் எந்தக் கம்பெனியும் போடாது. யாரும் சொல்லவே மாட்டாத ஒன்றுக்கு எதிர்ப்பதத்தைச் சொல்வதால் படிப்பவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. மேலே உள்ள மூன்றும் இரண்டு சோதனையிலும் தோற்றன.

குடும்பம் என்ற சொல்லைப் பற்றித் தனியாக ஒன்று. வேலை தேடுகிற இளைஞர்கள் இதைப் படித்து நெகிழ்வதில்லை. "ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவாங்கபோல" என்றுதான் படிக்கிறார்கள்.

ஆட்களை மறுபடி தொந்தரவு செய்யாமல், இருக்கிற வரிகளையே உட்கார்ந்த இடத்தில் திருத்த முடியாதா?

முடியாது. என்னைக் கூப்பிடுகிற பாதிப்பேர் இதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

"கனவுகளுக்குச் சிறகுகள்" என்ற வரிக்குள் தகவல் எதுவும் இல்லை. அதை இயல்பாக மாற்ற வேண்டுமென்றால் ஒரு சம்பவமோ, பொருளோ, நேரமோ வேண்டும். உட்கார்ந்த இடத்தில் எழுதினால் அதை நான் என் கற்பனையிலிருந்துதான் எடுக்க வேண்டும். "முதல் நாள் என் டீம் லீடர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்" என்று எழுதலாம், நன்றாகவும் இருக்கும். ஆனால் அந்த டீயை யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை. கோஷத்தையாவது கோஷம் என்று எல்லோரும் அடையாளம் கண்டு தாண்டிப் போவார்கள். கற்பனை டீயை நம்புவார்கள். அதனால் கோஷத்தைவிட இது மோசம்.

பழைய வரி ஒரே ஒரு விதத்தில் உதவும்: யாரைக் கூப்பிட வேண்டும் என்பது அதிலிருந்து தெரியும். சிறகு வரியைச் சொன்னதாகப் போட்டிருந்தது வைண்டிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு அக்காவின் பெயரில். அவரிடம் போய் அந்த வரியை வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். "இதை நான் சொன்னேன்னா போட்டிருக்காங்க?"

நாங்களும் கேட்டுப் பார்த்தோம். "நல்லா இருக்கு சார்" என்பதைத் தாண்டி யாரும் பேசவில்லை. என்ன கேட்டால் பேசுவார்கள்?

"இங்கே வேலை எப்படி இருக்கு?" என்று கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்விக்கு "நல்லா இருக்கு" தவிர வேறு பதில் கிடையாது. சாப்பிட்டாச்சா என்று கேட்டால் ஆச்சு என்று சொல்வதுபோல, அது ஒரு மரியாதை.

கேள்விக்கு முன்னால் இடத்தையும் ஆளையும் சரிசெய்ய வேண்டும். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் எவரும் பேச மாட்டார். கான்ஃபரன்ஸ் அறையில் ஏசி போட்டு உட்கார வைத்தால் பரீட்சைக்கு வந்ததுபோல் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு அருகிலேயே, டீ நேரம் முடிந்த கையோடு, இருபது நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்வேன். அந்த இருபது நிமிடம் வேலை நேரத்திலிருந்து போக வேண்டும், அவருடைய சாப்பாட்டு நேரத்திலிருந்து அல்ல. ரெக்கார்ட் செய்ய அனுமதி கேட்பேன். "போடுறதுக்கு முன்னாடி உங்களுக்குக் காட்டுவேன், வேண்டாம்னா எடுத்துடுவேன்" என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவேன். இது சொன்ன பிறகுதான் தோள் இறங்கும்.

அப்புறம் கருத்தைக் கேட்பதே இல்லை, நடந்ததைக் கேட்பேன். நேற்றுக் காலை உள்ளே வந்ததும் முதலில் என்ன செய்தீர்கள். சேர்ந்த முதல் வாரம் எதில் தடுமாறினீர்கள், அப்போது யார் சொல்லிக் கொடுத்தார்கள். கடைசியாக ஒரு வேலை கெட்டுப்போனது எப்போது, அதற்கு என்ன நடந்தது. நான் அதிகம் நம்புவது ஒரு கேள்வியை: "உங்க தம்பி இங்கே சேரப் போறான்னு வெச்சுக்குங்க. முந்தின நாள் ராத்திரி அவன்கிட்ட என்ன சொல்லி அனுப்புவீங்க?" இதற்கு யாரும் கோஷம் சொன்னதில்லை. சொந்தத் தம்பியிடம் யார் சிறகைப் பற்றிப் பேசுவார்கள்?

"நல்லா சப்போர்ட் பண்ணுவாங்க" என்று வந்தால் அதோடு விடாதீர்கள். "கடைசியா அப்படி எப்போ நடந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் சொல்லி முடித்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் கொஞ்சம் சும்மா இருங்கள். அந்த மௌனத்தை நிரப்ப அவர் சொல்கிற வாக்கியத்தில்தான் பெரும்பாலும் நமக்கு வேண்டியது இருக்கும்.

எச்.ஆர். ஆளே கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சம்பளமும் லீவும் அவர் கையில் இருப்பதாக ஊழியர் நினைக்கிறார். முடிந்தால் வேறு பிரிவிலிருந்து, சம்பந்தப்பட்டவருக்கு மேலதிகாரியாக இல்லாத ஒருவர் கேட்கட்டும்.

ஒரு வரியை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை மாற்றிக் காட்ட முடியுமா?

சிறகு வரியையே எடுத்துக்கொள்கிறேன். முதலில் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றில் இறக்கும் மோட்டாருக்கு, அதன் சுழலாத பாகமான ஸ்டேட்டரில் இருக்கும் ஸ்லாட் என்ற ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் பிளாஸ்டிக் உறை போட்ட ஒயரைக் கையால் நுழைத்து இழுத்து வைண்டிங் செய்கிறார்கள். உறையில் ஒரு கீறல் விழுந்தாலும் தண்ணீருக்குள் போனதும் மின்சாரம் கசியும். அதனால் முடித்த ஸ்டேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்க வைத்து, மெக்கர் என்ற மீட்டரால் சோதிப்பார்கள். தேறவில்லை என்றால் பிரித்துவிட்டு மறுபடி சுற்ற வேண்டும்.

அந்த அக்கா பேசியதில் நமக்கு வேண்டிய பகுதி, அப்படியே:

"நான் வந்து பதினோரு வருஷம் ஆச்சுங்க. மொதல்ல பேக்கிங்ல இருந்தேன், அப்புறம்தான் வைண்டிங். மொத மாசம் ஒரு ஸ்டேட்டர் முடிக்க ரெண்டு நாள் ஆகும். வெரலெல்லாம் எரியும், ஊட்டுக்குப் போயி சோறு பெசையவே முடியாது. உட்றலாம்னுகூட நெனச்சேன். அப்ப எங்க செக்‌ஷன்ல ஒரு அக்கா இருந்தாங்க, அவங்கதான் வெரலுக்கு டேப் சுத்திக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. இப்ப ஒரு நாளைக்கு ரெண்டு முடிச்சுருவேன். தொட்டில போட்டு மெக்கர் வெப்பாங்க, கீறல் இருந்தா அதுல தெரிஞ்சுரும். போன வருஷம் என்னுது ஒண்ணுகூடத் திரும்பி வரல. கம்பெனியில நல்லாத்தான் பாத்துக்கறாங்க. செகண்ட் ஷிஃப்ட்டுக்கு பஸ்ஸு மட்டும் லேட்டா வருது."

இதில் நான் முதலில் தேடியது, வேறு யாரும் சொல்லியிருக்க முடியாத வாக்கியம். சோறு பிசைய முடியாது என்பதுதான் அது. அந்த வேலை செய்யாத ஒருவருக்கு இது தோன்றியிருக்காது. இந்த வாக்கியத்தைச் சுற்றித்தான் மற்றதை அமைக்க வேண்டும்.

அடுத்து வெட்ட வேண்டியவை. பதினோரு வருஷம் பெயருக்குக் கீழே வந்துவிடும், மேலே வேண்டாம். பேக்கிங் கதை வேறு வழியில் போகிறது. "நல்லாத்தான் பாத்துக்கறாங்க" என்பதை எச்.ஆர். ஆசையாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன், ஏனென்றால் செக்‌ஷனில் இருந்த அக்கா டேப் சுற்றக் கற்றுக்கொடுத்ததிலேயே அது இருக்கிறது. பஸ் விஷயம் பக்கத்துக்கு உரியதல்ல. "இதை நான் எச்.ஆரில் சொல்லட்டுமா, உங்க பேரைச் சொல்லாம?" என்று கேட்டேன், சரி என்றார், சொன்னேன்.

"ஒண்ணுகூடத் திரும்பி வரல" என்ற வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அது சரிபார்க்கக்கூடிய தகவல். தரப் பரிசோதனைப் பதிவேட்டைப் பார்த்தோம். ஒன்று திரும்பி வந்திருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, மறந்திருக்கிறார். வாக்கியத்தை எடுத்துவிட்டோம்.

பக்கத்தில் போனது:

"முதல் மாதம் ஒரு ஸ்டேட்டர் முடிக்க இரண்டு நாள் ஆகும். விரலெல்லாம் எரியும், வீட்டுக்குப் போய்ச் சோறு பிசையவே முடியாது. விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். எங்கள் செக்‌ஷனில் இருந்த ஒரு அக்காதான் விரலுக்கு டேப் சுற்றிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு முடித்துவிடுவேன்."

கீழே அவர் பெயர், வைண்டிங் பிரிவு, 11 ஆண்டுகள்.

இதில் கம்பெனியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் இல்லை என்று மார்க்கெட்டிங்கில் சொன்னார்கள். படித்துவிட்டு அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று திருப்பிக் கேட்டேன். "புதுசா வந்தவங்களைக் கைவிட மாட்டாங்கன்னு தோணுது" என்றார்கள். அதை எழுதாமலேயே தோன்ற வைப்பதற்குத்தான் இந்தப் பாடு. ஒரு வாரம் கழித்துப் பக்கத்தைப் பார்த்தால், கடைசியில் "இதுதான் எங்கள் குடும்பம்!" என்று யாரோ சேர்த்திருந்தார்கள். எடுக்க வைத்தேன்.

சொன்னதில் எவ்வளவு தூரம் கை வைக்கலாம்?

வெட்டலாம். தயக்கச் சொற்களை நீக்கலாம். முன்னே சொன்னதைப் பின்னே மாற்றலாம், காரண காரியம் கெடாத வரை. வேறு ஒருவரின் பெயர் வந்தால் எடுத்துவிட வேண்டும். அவர் சொல்லாத எதையும் சேர்க்கக் கூடாது. உணர்ச்சியை உயர்த்தும் ஒற்றைச் சொல்கூட இதில் அடங்கும். "பிடிக்கும்" என்றவரை "மிகவும் பிடிக்கும்" என்று சொல்ல வைப்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

வெட்டும்போதும் பொய் வரும், அதுதான் ஏமாற்றக்கூடிய இடம். ஒருவர் "சம்பளம் வெளியிலவிடக் கம்மிதான், ஆனா வீட்டுக்குப் பக்கம், அதனால இருக்கேன்" என்றார். இதன் முன்பாதியை வெட்டி "வீட்டுக்குப் பக்கம், அதனால் இருக்கிறேன்" என்று போட்டால் ஒவ்வொரு சொல்லும் அவருடையதுதான். ஆனாலும் அவர் சொன்னது அதுவல்ல. முழுசாகப் போட முடியவில்லையென்றால் அந்த வரியை விட்டுவிட்டு அவர் சொன்ன வேறு ஒன்றை எடுக்க வேண்டும்.

கடைசிப் பிரதியை அவரிடமே காட்டுங்கள். மெயில் பார்க்காதவர் என்றால் போனில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது "இது நான் சொன்ன மாதிரி இல்லீங்களே" என்று எங்கே நிறுத்துகிறாரோ அங்கே நம் கை அதிகமாகப் பட்டிருக்கிறது.

பேச்சுத்தமிழிலேயே போட்டால் இன்னும் உண்மையாக இருக்காதா?

இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு தடவை அப்படியே போட்டும் பார்த்தேன். "ஊட்டுக்குப் போயி", "வெரலெல்லாம்" என்று எழுத்தில் பார்த்ததும் அந்த அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. "நான் படிக்காதவங்கிற மாதிரி இருக்குதுங்களே" என்றார். நமக்கு அழகாகத் தோன்றுவது சொன்னவருக்குக் கேலியாகத் தோன்றலாம். அதுவும் அதே பக்கத்தில் மேனேஜர் இலக்கணமாகப் பேசி, மெஷின் ஓட்டுபவர் மட்டும் கொச்சையாகப் பேசினால், கம்பெனி இவர்களை எப்படிப் பார்க்கிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

இப்போது எல்லோருக்கும் ஒரே முறை வைத்திருக்கிறேன். வினைமுடிவுகள் எழுத்து நடையில் இருக்கும். சொற்கள் அவர்களுடையவை. "செக்‌ஷன்" என்றால் செக்‌ஷன்தான், "பிரிவு" என்று மாற்றுவதில்லை. வாக்கியம் குட்டையாக வந்தால் குட்டையாகவே விடுவேன். கோஷத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் சொல்லைவிட வாக்கியத்தின் அமைப்புதான். இரண்டு பக்கமும் எடை போட்டதுபோல் சமமாக ஆடுகிற வாக்கியத்தை யாரும் வாயால் பேசுவதில்லை.

பக்கம் ஆங்கிலத்தில் இருந்து, ஊழியர் தமிழில் பேசியிருந்தால், அழகான ஆங்கிலம் தேடாதீர்கள். எளிமையாக மொழிபெயர்த்து, தமிழிலிருந்து மொழிபெயர்த்தது என்று சின்னதாகக் குறிப்பிடுங்கள். தமிழ் மூலத்தையும் கூடவே போடுவதென்றால் அந்தப் பத்திக்கு `lang="ta"` கொடுக்கச் சொல்லுங்கள். திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு அது தமிழ் என்று அப்போதுதான் தெரியும்.

கஷ்டத்தைப் பற்றிப் போட்டால் எங்கள் எம்.டி. ஒத்துக்கொள்ளவே மாட்டார். என்ன செய்வது?

முதலில் வேலையின் கஷ்டத்தையும் நிர்வாகத்தின் தவறையும் பிரித்துக்கொள்ளுங்கள். வைண்டிங்கில் விரல் எரிவது வேலையின் இயல்பு. சர்வீஸ் என்ஜினியருக்குக் கோடையில் போன் ஓயாது, ஏனென்றால் கிணறு வற்றும் நேரத்தில்தான் மோட்டாரும் படுக்கும். இதைச் சொல்வதால் யாருக்கும் அவமானமில்லை. ஓவர்டைம் பணம் தரவில்லை, மெஷினில் பாதுகாப்புக் கவசம் இல்லை என்று ஒருவர் சொன்னால் அது வேறு. அதைப் பக்கத்தில் போடுவதா வேண்டாமா என்பது கேள்வியே இல்லை. அன்றைக்கே போய்ச் சரிசெய்ய வேண்டிய விஷயம் அது.

எம்.டி.யிடம் நான் வாதாடுவதில்லை. சர்வீஸ் பிரிவிலிருந்து வந்த இரண்டு வரிகளை அச்செடுத்து மேஜையில் வைத்தேன். பழையது: "வாடிக்கையாளரின் புன்னகையே எங்கள் வெற்றி." புதியது: "மார்ச்சிலிருந்து மே வரை ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. மழை ஆரம்பித்ததும் சேர்ந்த லீவை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவேன்." உங்கள் மகன் வேலைக்குச் சேர்வதென்றால் எதைப் படித்துவிட்டு வர வேண்டும் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்த லீவை நிஜமாவே குடுக்கறமா?" என்று எச்.ஆரைத் திரும்பிப் பார்த்தார். லீவுப் பதிவேடு வந்தது. கொடுத்திருந்தார்கள். வரி போனது.

எல்லா எம்.டி.யும் இப்படிச் சம்மதிப்பதில்லை. கஷ்டத்தைச் சொல்லும் எதையுமே அனுமதிக்காத இடமும் உண்டு. அங்கே நான் சொல்லும் யோசனை, ஊழியர் வரிகளையே எடுத்துவிடுங்கள் என்பதுதான். அந்த இடத்தில் ஷிஃப்ட் நேரம், கேன்டீன், பஸ் வழித்தடம் இவற்றைப் போடுங்கள். அவையாவது உபயோகமாக இருக்கும்.

சீக்கிரம் பதவி உயர்வு கிடைத்தது, சம்பளம் ஏறியது என்று சொல்கிறார்கள். அதைப் போடலாமா?

எண்ணையும் தேதியையும் எச்.ஆர். பதிவேட்டில் சரிபார்த்த பிறகு போடலாம். ஆனால் ஒருவருக்கு நடந்ததை, படிப்பவர் எல்லோருக்குமான வாக்குறுதியாகத்தான் எடுத்துக்கொள்வார். "மூன்று வருஷத்தில் சூப்பர்வைசர் ஆனேன்" என்று ஒருவர் சொல்ல, அவரோடு சேர்ந்த மற்றவர்கள் யாரும் ஆகவில்லையென்றால் அந்த வரி உண்மை, பக்கம் பொய். அப்போது அவர் அந்த மூன்று வருஷத்தில் என்ன செய்தார் என்பதைக் கேட்டுப் போடுங்கள். இரவு ஷிஃப்ட் எடுத்தாரா, டிப்ளமோ முடித்தாரா. சம்பளத் தொகையை ஊழியர் வாயால் சொல்ல வைக்காதீர்கள். அதன் இடம் வேலை விளம்பரம்.

பெயரும் படமும் போட எழுதி வாங்க வேண்டுமா? ஆள் வேலையை விட்டுப் போய்விட்டால்?

எழுதி வாங்குங்கள். வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வாங்கும் பத்துத் தாள்களுக்கு நடுவே செருகாமல், இந்த வரிக்கும் இந்தப் படத்துக்கும் என்று தனியாக வாங்க வேண்டும். எங்கெங்கே வரும் என்பதையும் சொல்ல வேண்டும். வேலைவாய்ப்புப் பக்கத்துக்கு என்று சொல்லி வாங்கியதை பேருந்து நிறுத்தத்து விளம்பரப் பலகையில் போடுவது நியாயமில்லை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, கொடுத்தது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள், மேலதிகாரி கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லத் துணிய மாட்டார்கள். அதனால் சம்மதத்தையும் மேலதிகாரி அல்லாத ஒருவர் கேட்பதுதான் சரி.

பெயர் வேண்டாம் என்பவருக்குக் கற்பனைப் பெயர் சூட்டாதீர்கள், இணையத்தில் விலைக்கு வாங்கிய படத்தையும் ஒட்டாதீர்கள். "சர்வீஸ் என்ஜினியர், 6 ஆண்டுகள்" என்று மட்டும் போட்டால் போதும். அந்த இணையப் படங்களில் சிரிக்கும் அதே பெண்ணைப் படிப்பவர் பல் மருத்துவமனை விளம்பரத்திலும் பார்த்திருப்பார்.

வேலையை விட்டவருடைய வரியை அவர் விலகிய வாரத்திலேயே எடுத்துவிடுவது நல்லது. போட்டித் தொழிற்சாலையில் சேர்ந்த ஒருவர் இங்கே இன்னும் சிரித்துக்கொண்டிருந்ததை, நேர்காணலுக்கு வந்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்ட கதை ஒன்று எனக்குத் தெரியும். வேலை விடுகிறவர்களுக்கான பட்டியலில், லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வாங்கும் வரிக்குக் கீழே இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் மறக்காது.

எங்களுடையது சாஃப்ட்வேர் கம்பெனி. எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறோம். சோறு பிசைகிற மாதிரி ஒன்று எங்கே கிடைக்கும்?

கிடைக்கும். முதல் வாரம், இரவில் வந்த போன், உடைந்துபோன ரிலீஸ், இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். "திறமையாளர்களுடன் பணியாற்றும் வாய்ப்பு" என்று போட்டிருந்த ஒரு பெண்ணிடம் முதல் வாரத்தைக் கேட்டபோது வந்தது இது: "நான் அனுப்பிய முதல் கோடுக்கு முப்பத்தேழு கமென்ட் வந்தது. அழுகை வந்துவிட்டது. அப்புறம் பார்த்தால் சீனியர் எழுதியதுக்கு நாற்பது." திறமையாளர்கள் என்ற சொல் இல்லாமலேயே அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிகிறது. அவருடைய கோடில் எத்தனை கமென்ட் என்று சரிபார்த்துக்கொண்டோம், சரியாகத்தான் இருந்தது.

எத்தனை பேர் வேண்டும், எவ்வளவு நீளம், பக்கத்தில் எங்கே போடுவது?

மூன்று நான்கு பேர் போதும், வேறு வேறு வேலையிலிருந்து. ஒவ்வொன்றும் முப்பது முதல் ஐம்பது சொல். தனியாக ஒரு மூலையில் குவிக்காமல், அந்தந்த வேலையின் விளம்பரத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். வைண்டிங் வேலைக்கு வருபவருக்கு வைண்டிங் அக்கா பேசினால்தான் அர்த்தம். தானாக நகரும் பட்டையில் போடாதீர்கள், மெதுவாகப் படிப்பவர் பாதியில் இருக்கும்போது அடுத்தது வந்துவிடும். இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி.யும் ஐந்து விநாடிக்கு மேல் தானாக நகர்வதை நிறுத்திவைக்க வழி தர வேண்டும் என்கிறது.

மாற்றியதால் பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விண்ணப்ப எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது சம்பளத்தையும் பருவத்தையும் பொறுத்து ஏறி இறங்கும், சில சமயம் நேர்மையான வரிகளால் குறையவும் செய்யும். நேர்காணலில் வருபவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைக் குறித்துவையுங்கள். முன்பு சம்பளம் எவ்வளவு, பி.எஃப். உண்டா என்பதோடு முடிந்துவிடும். சேர்ந்து ஒரு மாதமானவர்களிடமும் ஒன்று கேளுங்கள்: பக்கத்தில் படித்ததற்கும் வந்து பார்த்ததற்கும் எங்கே வித்தியாசம்? அவர்கள் சுட்டிக்காட்டும் வரியை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

அந்தத் தொழிற்சாலையில் புது வரிகள் போட்டு இரண்டு மாதம் கழித்து வைண்டிங் வேலைக்கு ஒரு பெண் வந்திருந்தார். உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றதும், "அந்த டேப்பை கம்பெனியில குடுப்பீங்களா, நாங்களே வாங்கிக்கணுமா?" என்றார். எச்.ஆர். மேடத்துக்குப் பதில் தெரியவில்லை. வைண்டிங் அக்காவுக்கு போன் போட்டார். வைண்டிங்குக்கு வந்ததிலிருந்து சொந்தக் காசில்தான் வாங்குகிறாராம். அடுத்த மாதத்திலிருந்து ஸ்டோர்ஸில் டேப் வைத்தார்கள்.